காட்ஸில்லா ஏன் திரும்பத் திரும்ப ஊரை மிதிக்கிறது?

கேள்வி: ராட்சத மிருகப் படம் எதை எடுத்தாலும் கடைசியில் ஒரு நகரமே தரைமட்டமாகிறது. ஏன் இதையே விடாமல் எடுக்கிறார்கள்? காட்ஸில்லா என்றால் அணுகுண்டு என்கிறார்களே, அது படத்தில் எங்கே தெரிகிறது?

பதில்:

இதற்கு 1954-ல் வந்த முதல் ஜப்பானியப் படத்திலிருந்து தொடங்குவதுதான் சரி. நாம் காட்ஸில்லா என்று சொல்லும் மிருகத்துக்கு ஜப்பானில் கோஜிரா என்று பெயர். கொரில்லாவைக் குறிக்கும் சொல்லையும் திமிங்கிலத்தைக் குறிக்கும் ‘குஜிரா’வையும் ஒட்டி உண்டான பெயர் அது. தோஹோ நிறுவனம் அந்தப் படத்தை 1954 நவம்பர் 3 அன்று வெளியிட்டது. டோக்கியோவில் அன்று கொட்டகைக்குப் போனவர்களில் இருபது வயதைத் தாண்டிய பெரும்பாலோர், ஒரு நகரம் எரிவதைக் கண்ணால் பார்த்தவர்கள், அல்லது பார்த்தவர்களோடு வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு அது கற்பனைக் காட்சி இல்லை, ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஞாபகம். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் படத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தேதி போட முடியும்.

முதல் தேதி 1954 மார்ச் 1. பசிபிக் பெருங்கடலில் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ஏறத்தாழ 6 மெகாடன் ஆற்றல் வரும் என்று கணக்கிட்டிருந்தார்கள், வந்தது 15 மெகாடன். எரிபொருளில் இருந்த லித்தியத்தின் இரண்டு வகைகளில் லித்தியம்-7 என்ற வகை வெடிப்பில் பெரிதாகப் பங்கெடுக்காது என்று நினைத்ததுதான் பிழை. வந்த ஆற்றல் ஹிரோஷிமா குண்டைப்போல ஆயிரம் மடங்கு. அமெரிக்கா அறிவித்திருந்த அபாய எல்லைக்கு வெளியே ‘ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்’ என்ற டூனா மீன்பிடிப் படகு நின்றிருந்தது. அதில் 23 பேர். மேற்கு வானம் வெளிச்சமானதைப் பார்த்தார்கள். சில மணி நேரம் கழித்து மேல்தளத்தில் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. அது வெடிப்பில் பொடியான பவளம், முழுக்கக் கதிரியக்கம் ஏறியது. ஜப்பானியப் பத்திரிகைகள் அதற்குச் சாவுச் சாம்பல் என்று பெயர் வைத்தன. படகு மார்ச் 14-ல் யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பியபோது எல்லோருக்கும் தோல் கருத்திருந்தது, முடி உதிரத் தொடங்கியது. படகின் வானொலி இயக்குநர் செப்டம்பர் 23-ல் இறந்தார். படம் வெளியாக அப்போது ஆறு வாரம்கூட முழுதாக இல்லை.

இப்போது படத்தின் முதல் காட்சியைப் பாருங்கள். ஒரு கப்பலின் மேல்தளத்தில் மாலுமிகள் வாத்தியம் வாசித்து ஓய்வாக இருக்கிறார்கள். கடல் திடீரென்று வெளிச்சமாகிறது. எழுந்து ஓடிப் பார்க்கிறார்கள், கப்பல் தீப்பிடிக்கிறது. வானொலி இயக்குநர் தண்ணீர் உள்ளே பாயும்வரை உதவி கேட்டுத் தட்டிக்கொண்டே இருக்கிறார். மிருகம் கண்ணில் படவே இல்லை. அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வருடம் முழுக்க ஜப்பானில் பேச்சு இதைப் பற்றித்தான். பிடித்து வந்த டூனாவின்மேல் கெய்கர் கருவியை வைத்துப் பார்த்து, கதிரியக்கம் இருந்தால் புதைத்தார்கள். கதிரியக்க மழை பெய்தது. டோக்கியோவின் சுகினாமி பகுதியில் குடும்பப் பெண்கள் முன்னின்று ஹைட்ரஜன் குண்டுக்கு எதிராகத் தொடங்கிய கையெழுத்து இயக்கம், அடுத்த ஆகஸ்டுக்குள் மூன்று கோடிக் கையெழுத்தைத் தாண்டியது.

கதிரியக்கத்தின் தொல்லை என்னவென்றால் அதைப் படம் பிடிக்க முடியாது. நிறமில்லை, வாசனையில்லை, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும் தெரியாது. மீனைப் பார்த்தால் மீன் மாதிரியே இருக்கும். இப்படிப்பட்ட பயத்துக்கு ஒரு உடம்பு கிடைத்தால் அதற்குக் காலடி உண்டு, வரும் திசை உண்டு, வந்து சேரும் நேரம் உண்டு. படத்தில் ஓதோ தீவுக்கு ஆய்வாளர்கள் போகிறார்கள். ஒரு குழி மாதிரியான காலடித் தடத்தில் கெய்கர் கருவியை வைக்கிறார்கள். அது கதறுகிறது. ஊர்க் கிணற்றுத் தண்ணீரைத் தொடக்கூடாது என்கிறார்கள். அதன் பிறகே மலைக்குப் பின்னாலிருந்து தலை எழும்புகிறது. கண்ணுக்குத் தெரியாததை முதலில் கருவியில் கேட்க வைத்து, பிறகு கண்ணுக்குக் காட்டும் இந்த வரிசையை ஹோண்டா இஷிரோ என்ற இயக்குநர் அளந்து வைத்திருக்கிறார்.

மிருகத்தின் தோலிலும் இது இருக்கிறது. பல்லி, டைனோசர் மாதிரி செதில் வைக்கவில்லை. தீக்காயம் ஆறி மேடுபள்ளமாகத் தடித்த தழும்பு மாதிரித் தோல். ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களின் முதுகிலும் கையிலும் இருந்தது அந்தத் தழும்புதான். ஆக, அது குண்டும்தான், குண்டால் வெந்த உயிரும்தான். கடலடியில் தன் பாட்டுக்கு இருந்ததைச் சோதனை விரட்டி வெளியே கொண்டுவந்தது என்றுதான் கதை சொல்கிறது. அதைக் கொல்லும்போது நமக்கு ஏன் வருத்தம் வருகிறது என்பதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது தேதி 1945 மார்ச் 10. படத்தின் மையமான இரவுக் காட்சி அணுகுண்டைவிட இந்த நாளுக்குத்தான் நெருக்கமானது. பலர் இதைத் தவற விடுகிறார்கள். அந்த நள்ளிரவில் 279 அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் டோக்கியோவின் கிழக்குப் பகுதிமேல் தீக்குண்டுகளைக் கொட்டின. வீடுகள் மரமும் காகிதமும். ஒரே இரவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இறந்தார்கள், 41 சதுர கிலோமீட்டர் சாம்பலானது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். அதற்கு 22 வருடத்துக்கு முன்னால், 1923 செப்டம்பர் 1-ல் வந்த பூகம்பமும் அதன் தீயும் இதே பகுதிகளைத் தின்றிருந்தன. ஒரு மனித ஆயுளுக்குள் இரண்டு தடவை எரிந்த ஊர் அது. மூன்றாவது தடவை எரிவதைப் பார்க்க அந்த ஊர்க்காரர்களே சீட்டு வாங்கினார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். ஜப்பானில் முதல் ஓட்டத்தில் 96 லட்சம் பேர் பார்த்த படம் இது.

கோஜிரா இரவில் கடலிலிருந்து ஷிபௌரா பக்கம் ஏறுகிறது. கரையோரம் போட்டிருந்த உயரழுத்த மின்வேலியை அது தாங்கிக்கொண்டு, வாயிலிருந்து வரும் வெள்ளை வெப்பத்தால் மின்கோபுரங்களை உருக்குகிறது. பிறகு ஷிம்பாஷி, கின்சா, நாடாளுமன்றம், தொலைக்காட்சிக் கோபுரம் என்று நடந்து, சுமிதா ஆற்று வழியாக, கச்சிதோக்கி பாலத்தைப் புரட்டிவிட்டுக் கடலுக்குப் போகிறது. எல்லாம் உண்மையான இடங்கள். கின்சா முனையில் இருக்கும் மணிக்கூண்டு அடிக்கிறது, அந்தச் சத்தத்துக்குத் திரும்பி அதை உடைக்கிறது. பார்வையாளர் அன்று மாலை அந்த மணிக்கூண்டைக் கடந்துதான் கொட்டகைக்கு வந்திருப்பார்.

இந்த வரிசையில் மிருகம் யாரையும் துரத்துவதில்லை, தின்பதில்லை. நடக்கிறது, அவ்வளவுதான். பின்னால் அடிவானம் முழுக்க எரிகிறது, தீயணைப்பு வண்டிகள் கவிழ்கின்றன. ஒரு பெரிய கடையின் சுவரோரம் ஒரு தாய் மூன்று குழந்தைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “இதோ, அப்பா இருக்கும் இடத்துக்குப் போகப்போகிறோம்” என்கிறாள். அப்பா போரில் செத்தவர் என்று படம் தனியாகச் சொல்வதில்லை. 1954-ல் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரயிலில் வரும் சின்னப் பேச்சும் அப்படித்தான். அலுவலகம் போகும் ஒரு பெண், கதிரியக்க டூனா, கதிரியக்க மழை, இப்போது இந்தக் கோஜிராவும் என்று அலுத்துக்கொள்கிறாள். நாகசாகியில் பாடுபட்டுத் தப்பிய உடம்பு இது என்கிறாள். பக்கத்தில் இருப்பவர், மறுபடியும் ஊரை விட்டுப் போகணுமா என்கிறார். போர்க்காலத்தில் நகரத்துப் பிள்ளைகளைக் கிராமத்துக்கு அனுப்பியதற்கு இருந்த அதே சொல்லைத்தான் அவர் சொல்கிறார். அரை நிமிடத்தில் மூன்று பேரழிவுகள் ஒரே நூலில் கோக்கப்படுகின்றன.

அழிவுக்கு மறுநாள் காலை வரும் மருத்துவமனைக் காட்சியைத்தான் இந்தப் படத்தின் உயிர்நாடி என்பேன். நடைக்கூடத் தரையெல்லாம் காயம்பட்டவர்கள். ஒரு மருத்துவர் ஒரு சின்னக் குழந்தையின்மேல் கெய்கர் கருவியை நீட்டுகிறார், அது படபடக்கிறது, அவர் தலையை ஆட்டுகிறார். குழந்தைக்கு வெளியே ஒரு காயமும் இல்லை. இந்தக் காட்சிக்காகவே முந்தின இரவின் அழிவு அவ்வளவு நீளமாக இருக்க வேண்டியிருந்தது.

அழிவு பார்ப்பவர் மனதில் இறங்கியதற்கு அதை எடுத்த விதமும் காரணம். சிறப்புக் காட்சிகளைச் செய்தவர் சுபுராயா எய்ஜி. மிருகத்தின் உயரம் 50 மீட்டர் என்று வைத்தார்கள். அந்தக் காலத்து டோக்கியோவில் கட்டடம் 31 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் இருந்தது. ஆகவே 50 மீட்டர் என்றால் எந்தத் தெருவில் நின்றாலும் தலை கூரைகளுக்கு மேலே தெரியும். பிற்பாடு நகரம் வளர்ந்தது, மிருகமும் வளர்ந்தது: 1984-ல் 80 மீட்டர், 2016-ல் 118.5 மீட்டர். வானளாவிகளுக்கு நடுவே 50 மீட்டர் மிருகம் தெருநாய் மாதிரித்தான் இருக்கும்.

நகரத்தை 25-ல் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டினார்கள். 50 மீட்டரை 25-ஆல் வகுத்தால் 2 மீட்டர், உடைக்குள் நிற்கும் ஒரு மனிதரின் உயரம். அந்த மனிதர் பெரும்பாலும் நகாஜிமா ஹருவோ. முதலில் செய்த உடை 100 கிலோ எடை, விறைப்பாக வேறு இருந்தது. அடுத்ததைக் கொஞ்சம் இலகுவாகச் செய்தார்கள். அப்படியும் விளக்குச் சூட்டில் சில நிமிடங்களுக்கு மேல் உள்ளே இருக்க முடியாது. வெள்ளை வெப்பத்தில் குழைந்து சாயும் மின்கோபுரங்களை மெழுகால் செய்து, விளக்குச் சூட்டாலும் வெப்பக் காற்றாலும் உருக்கினார்கள்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, பிழைத்தால் படமே பொம்மை விளையாட்டாகிவிடும். 50 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் தரைக்கு வர ஏறத்தாழ 3.2 விநாடி ஆகும். 2 மீட்டர் மாதிரியிலிருந்து விழுந்தால் 0.64 விநாடி. சரியாக ஐந்தில் ஒரு பங்கு. அதாவது அளவு 25 மடங்கு சுருங்கினால் நேரம் அதன் வர்க்கமூலமான 5 மடங்கு சுருங்குகிறது. விநாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடும் படத்தில் இடிபாடு நிஜ எடையோடு விழ வேண்டுமென்றால், 120 படச்சட்டங்கள் வேகத்தில் எடுத்து 24-ல் ஓட்ட வேண்டும். சாதாரண வேகத்தில் எடுத்தால் சுவர் சீட்டுக்கட்டு மாதிரிச் சரியும். பழைய படங்களில் ஒரு கட்டடம் விழுவது நம்பும்படி இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால், பெரும்பாலும் தவறு இந்த வேகத்தில்தான் இருக்கும். வேகத்தைச் சரிசெய்தாலும் தண்ணீரும் தீயும் அடங்குவதில்லை. சொட்டுத் தண்ணீர் சின்னதாகாது, ஒரு சென்டிமீட்டர் துளி திரையில் 25 சென்டிமீட்டர் உருண்டையாகத் தெரியும். தீநாக்கும் அப்படியே. இருட்டில், புகையில், கறுப்பு வெள்ளையில் எடுத்ததால் 1954 படம் இதிலிருந்து தப்பியது.

சுபுராயா இந்தக் கைவேலையை எங்கே கற்றார் என்பது கதையின் மறுபக்கம். 1942-ல் இதே தோஹோ நிறுவனத்துக்காக, ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதைக் கொண்டாடும் போர்ப் பிரச்சாரப் படத்துக்கு அவர்தான் துறைமுகத்தையும் கப்பல்களையும் மாதிரியாகக் கட்டி வெடித்தார். போருக்குப் பிறகு அந்தக் காரணத்துக்காகவே ஆக்கிரமிப்பு நிர்வாகம் அவரைப் பதவியிலிருந்து விலக்கி வைத்தது. எதிரியின் துறைமுகத்தை எரித்துக் காட்டிய அதே கைகள் பன்னிரண்டு வருடம் கழித்துத் தன் ஊரை எரித்துக் காட்டின. ஹோண்டாவும் பல வருடம் சீனப் போர்முனையில் சிப்பாயாக இருந்தவர். போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கடந்து வந்தவர்.

ஏன் 1954, ஏன் அதற்கு முன்னால் இல்லை என்று கேட்டால் அதற்கும் காரணம் உண்டு. 1952 ஏப்ரல் இறுதிவரை ஜப்பான் அமெரிக்க ஆக்கிரமிப்பில் இருந்தது. அணுகுண்டின் பாதிப்பைப் பற்றிய செய்திகளும் படங்களும் தணிக்கையில் சிக்கின. ஹிரோஷிமாவின் புகைப்படங்களை ஒரு பெரிய வாரப் பத்திரிகையில் பொதுமக்கள் பரவலாகப் பார்த்ததே 1952 ஆகஸ்டில்தான். ஏழு வருடம் அடக்கி வைத்தது வெளியே வரத் தொடங்கி இரண்டு வருடத்தில் பிகினி நடந்தது. தற்காப்புப் படை என்ற பெயரில் ஜப்பானுக்கு மறுபடி ராணுவம் வந்ததும் 1954 ஜூலை 1-ல்தான். படத்தில் டாங்கிகளும் விமானங்களும் வரிசையாக வந்து எதுவும் செய்ய முடியாமல் நிற்பதை இந்தத் தேதியோடு சேர்த்துப் பாருங்கள்.

கடைசியில் மிருகத்தைக் கொல்வது ராணுவம் இல்லை. போரில் ஒரு கண்ணை இழந்த செரிசாவா என்ற விஞ்ஞானி, தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை அழித்து உயிர்களைக் கரைக்கும் ஒன்றைக் கண்டுபிடித்து ஒளித்து வைத்திருக்கிறான். வெளியே தெரிந்தால் அரசுகள் அதை ஆயுதமாக்கும், அணுகுண்டுக்கு எதிராக ஹைட்ரஜன் குண்டு வந்ததுபோல இதுவும் வரிசையில் சேரும் என்பது அவன் பயம். தொலைக்காட்சியில் பள்ளிச் சிறுமிகள் செத்தவர்களுக்காகப் பாடும் பிரார்த்தனையைக் கேட்ட பிறகுதான் சம்மதிக்கிறான். குறிப்புகளை எரிக்கிறான், கடலடியில் அதை ஒரே ஒரு தடவை பயன்படுத்திவிட்டு, தன் தலைக்குள் இருக்கும் சூத்திரமும் வெளியே வரக்கூடாது என்று கயிற்றை அறுத்துக்கொள்கிறான். முதிய பேராசிரியர் யமானே, இது கடைசி கோஜிரா என்று தனக்குத் தோன்றவில்லை, சோதனைகள் தொடர்ந்தால் உலகில் வேறெங்காவது இன்னொன்று வரும் என்கிறார். படம் அங்கே முடிகிறது.

இந்தக் கண்ணாடியில் தெரியாத பகுதியையும் சொல்ல வேண்டும். மிருகம் இயற்கைச் சீற்றம் மாதிரி வருகிறது, ஆகவே குண்டு போட்டவர் யார் என்ற கேள்வி எழுவதே இல்லை. படம் சோதனையைக் குறை சொல்கிறது, அமெரிக்காவைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. உண்மையை வெளியிட்டால் வெளிநாட்டு உறவு கெடும் என்று ஓர் உறுப்பினரும், உண்மையை மறைக்காதே என்று பெண் உறுப்பினர்களும் சபையில் கத்துவதோடு அது நிற்கிறது. அதேபோல, ஜப்பானிய ராணுவம் ஆசியாவில் எரித்த ஊர்கள் படத்தில் இல்லை. எல்லோரும் பாதிக்கப்பட்டவர்களாகவே இருக்கிறார்கள். மிருகம் துக்கத்தைச் சுமக்க நல்ல வாகனம், பொறுப்பைச் சுமக்க அவ்வளவு நல்ல வாகனம் இல்லை.

1956-ல் அமெரிக்கா இதை வெட்டி, ஓர் அமெரிக்க நிருபர் பார்த்துச் சொல்வதுபோலப் புதுக் காட்சிகள் சேர்த்து வெளியிட்டது. ரயிலில் பேசும் நாகசாகிப் பேச்சு போய்விட்டது. யமானேயின் எச்சரிக்கை போய், ஆபத்து நீங்கியது, உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்ற முடிவு வந்தது. அழிவுக் காட்சிகள் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. 1998-ன் அமெரிக்கப் படத்தில் மிருகத்தை உண்டாக்கியது பிரான்சின் சோதனைகள். 2014-ன் அமெரிக்கப் படத்தில் 1954 பசிபிக் குண்டுகள் சோதனையே அல்ல, மிருகத்தைக் கொல்லச் செய்த முயற்சி. ஒரு நாட்டின் படத்தில் மிருகத்தை எழுப்பிய அதே வருடத்துக் குண்டு, இன்னொரு நாட்டின் படத்தில் அதற்கு மருந்தாகிவிடுகிறது.

1960-களில் ஜப்பானிலேயே பயம் கரைந்தது. ஊர் வளமானது, பார்வையாளர்கள் சிறுவர்களானார்கள், மிருகங்கள் மல்யுத்தம் போட்டன. கட்டடங்கள் அப்போதும் விழுந்தன, ஆனால் உள்ளே யாரும் இல்லை. இதுவே நல்ல உரைகல். ஒரு படத்தின் அழிவு ஏதாவது ஒரு நிஜ பயத்தைத் தொடுகிறதா என்று தெரிய, கட்டடம் விழுந்த அடுத்த ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். கேமரா கீழே இறங்கி மனிதர்களிடம் வருகிறதா, அடுத்த சண்டைக்கு ஓடிவிடுகிறதா என்பதில் விடை இருக்கிறது. 2008-ல் வந்த அமெரிக்கப் படமான ‘க்ளோவர்ஃபீல்ட்’ நியூயார்க்கில், ஒரு கைக்கேமராவில் பதிவானது போலவே முழுவதும் ஓடும். ஒரு கட்டடம் சரிய, தெரு முழுக்கப் புழுதி உருண்டு வர, ஆட்கள் கடைக்குள் ஒதுங்கி, பிறகு வெள்ளையாகப் புழுதி பூசி வெளியே வருகிறார்கள். 2001 செப்டம்பர் 11-ன் கைக்கேமராப் பதிவுகளில் நாம் பார்த்த வரிசை அது. மிருகம் எங்கிருந்து வந்தது என்று படம் சொல்வதில்லை. காரணம் புரியாமல் ஒரு சாதாரண நாளின் நடுவே அடி விழுந்ததே அந்த ஊரின் பயம்.

2016-ன் ‘ஷின் கோஜிரா’ இதைவிட நுணுக்கமானது. அதன் தேதி 2011 மார்ச் 11: 9.0 அளவு பூகம்பம், சுனாமி, புகுஷிமா அணு உலை. மிருகம் முதலில் நிற்கக்கூடத் தெரியாமல் ஓர் ஆற்றுக்குள் தவழ்கிறது. அதற்கு முன்னால் படகுகளும் கார்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரையேறித் தெருவுக்கு வருகின்றன. அந்தச் சுனாமிப் பதிவுகளைப் பார்த்தவர்கள் முதல் பத்து விநாடியில் அடையாளம் கண்டுவிடுவார்கள். மிருகத்தைவிட அதிக நேரம் திரையில் இருப்பது கூட்டங்கள். கூட்டத்தை முடித்து இன்னொரு அறைக்குப் போய், அதிகாரம் யாருக்கு என்று பேசுகிறார்கள். அது கரையேற வாய்ப்பில்லை என்று பிரதமர் நேரலையில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏறிவிட்டது என்று காதில் சொல்கிறார்கள். அமைச்சர்கள் நீல நிறப் பேரிடர்ச் சீருடைக்கு மாறுகிறார்கள், 2011-ல் தொலைக்காட்சியில் தெரிந்தது போலவே.

இங்கே மிருகத்தின் உடம்பே ஓர் அணு உலை. ரத்தம்தான் அதன் குளிர்விக்கும் நீர். ரத்த ஓட்டம் நின்றால் உலை தானாக அணைந்து உறையும் என்று கண்டுபிடித்து, அது தரையில் விழுந்ததும் வாய்க்குள் ரத்தம் உறையவைக்கும் மருந்தைக் கான்கிரீட் பம்ப் லாரிகளால் இறைக்கிறார்கள். 2011-ல் புகுஷிமாவில் எரிபொருள் குளத்துக்குத் தண்ணீர் இறைத்ததும் நீண்ட கை வைத்த இதே வகை லாரிகள்தான். மிருகம் சாகவில்லை. டோக்கியோ ரயில் நிலையத்துப் பக்கத்தில் உறைந்து நிற்கிறது, மறுபடி அசைந்தால் அணுகுண்டு போடுவதற்கு உலக நாடுகள் கடிகாரத்தை நிறுத்தி வைத்திருக்கின்றன. அணைத்த உலையோடு பல பத்தாண்டுகள் பக்கத்தில் வாழ்வது எப்படியிருக்கும் என்பதை அந்த நிற்கும் உருவம் சொல்கிறது.

உங்கள் ‘ஏன் விடாமல்’ என்ற கேள்விக்கு இதில் ஒரு பகுதி விடை. முந்தின படம் விட்ட இடத்தை அடுத்தது எடுக்கிறது. 2023-ன் ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ போரின் கடைசியிலும் அதற்கடுத்த இரண்டு வருடத்திலும் நடக்கிறது. ராணுவம் கலைக்கப்பட்டுவிட்டது, அரசு கைவிட்டுவிட்டது. கின்சா ஒரு தடவைதான் அழிகிறது, சில நிமிடம். வெடிப்புக் காற்று முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுக்கிறது, கறுப்பு மழை பெய்கிறது. அதன் பிறகு முன்னாள் கடற்படையினர் கூடும் இடத்தில் ஒருவர், இந்த நாடு உயிரை மலிவாக எண்ணியது என்று வரிசைப்படுத்துகிறார்: மெல்லிய கவசம் போட்ட டாங்கிகள், உணவு போகாமல் பட்டினியிலும் நோயிலும் செத்த சிப்பாய்கள், தப்பிக்க வழியில்லாத போர் விமானங்கள், கடைசியில் தற்கொலைத் தாக்குதல். 1954 படம் சொல்லாமல் விட்ட சொந்த அரசின் பொறுப்பு எழுபது வருடம் கழித்து மிருகப் படத்துக்குள் வாய்விட்டு வருகிறது. அந்த உரையிலும் சீனாவைப் பற்றிப் பேச்சில்லை.